பூஜைப் பொருள்களுக்கும் பண்டிகை அலங்காரத்துக்கும் விற்பனை விவரம் எழுதுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலிருந்தோ சிறிய கடையிலிருந்தோ ஆன்லைனில் பூஜைப் பொருள் விற்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. குத்துவிளக்கைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள், தகராறும் அதில்தான் அதிகம். அதனால் அதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

"பாரம்பரிய பித்தளை குத்துவிளக்கு, 18 இன்ச், சிறந்த தரம்"னு போட்டிருக்கேன். இன்னும் என்ன எழுதணும்?

வாங்குபவர் போன் செய்து கேட்கப்போகும் கேள்விகளை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு விளக்கா, ஜோடியா? எத்தனை முகம்? உச்சியில் என்ன இருக்கிறது? எடை எவ்வளவு? கழற்றிக் கழுவ முடியுமா? உங்கள் வரியில் இதில் ஒன்றுக்குக்கூட பதில் இல்லை. "சிறந்த தரம்" என்று எல்லாரும் எழுதுகிறார்கள், அதை யாரும் படிப்பதில்லை.

அதே விளக்கை இப்படி எழுதிப் பாருங்கள்:

> பித்தளைக் குத்துவிளக்கு, ஐந்து முகம், உச்சியில் அன்னம். ஒரு ஜோடி (2 விளக்குகள்).
> உயரம்: அன்னத்தின் தலை வரை 18 அங்குலம் (46 செ.மீ.). எண்ணெய்த் தட்டு வரை 13 அங்குலம்.
> அகலம்: அடிப்பீடம் 6½ அங்குலம், எண்ணெய்த் தட்டு 5 அங்குலம்.
> எடை: ஒரு விளக்கு சுமார் 2.2 கிலோ. கைவேலை என்பதால் விளக்குக்கு விளக்கு 100 கிராம் வரை கூடக் குறைய இருக்கும்.
> தட்டில் சுமார் 60 மி.லி. எண்ணெய் நிற்கும்.
> அடிப்பீடம், தண்டு, தட்டு, உச்சி என நான்கு பாகங்கள். மரை சுற்றிப் பொருத்துவது, கழற்றிக் கழுவலாம்.
> பளபளப்பு பாலிஷ். மேலே லாக்கர் பூச்சு இல்லை, புளி போட்டுத் தேய்க்கலாம்.
> படத்தில் உள்ள திரி, பூ, மணைப்பலகை சேராது.

இதில் அழகைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆனாலும் படித்து முடித்ததும் விளக்கு கண்முன் நிற்கும். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் மணைப்பலகையில் நிற்குமா என்று பார்க்க அடிப்பீடத்தின் அகலம் வேண்டும். பூஜை அலமாரியில் மேல்தட்டுக்கும் சுடருக்கும் எவ்வளவு இடைவெளி கிடைக்கும் என்று கணக்குப் போட தட்டு இருக்கும் உயரம் வேண்டும். கல்யாணச் சீருக்கு வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது எடையைத்தான். ஒரே உயரத்தில் இரண்டு விளக்குகள் இருந்து ஒன்று பாதி எடைதான் என்றால், அதன் தண்டு உள்ளே கூடாக இருக்கும், அல்லது தகடு மெல்லியதாக இருக்கும். விலை ஏன் குறைவு என்பதற்கு அந்த எடையே பதில். மறைக்க வேண்டியதில்லை.

எண்ணெய் அளவைக் கண்டுபிடிக்க, மருந்து ஊற்றும் மூடியால் தண்ணீரை அளந்து ஊற்றினாலே போதும். திரி வைக்கும் மூக்கு வழியாக வழியும் மட்டம் வரை ஊற்றாமல், சற்றுக் கீழேயே நிறுத்திவிடுங்கள்.

18 இன்ச்னு போட்டேன். வாங்கினவங்க 16 தான் இருக்குன்னு சொல்றாங்க. எங்க இருந்து எங்க வரைக்கும் அளக்கணும்?

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். அவர் தட்டு வரை அளந்திருப்பார், அல்லது அன்னத்தை விட்டுவிட்டு அளந்திருப்பார். அதனால் எண்ணை மட்டும் போடாமல் எதிலிருந்து எது வரை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சிலைகளில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். பீடமும் திருவாசியும் உள்ள நடராஜர் என்றால் மொத்த உயரம் 12 அங்குலம் இருக்கும், சுவாமியின் உயரம் அதைவிட நன்றாகவே குறைவாக இருக்கும். "பீடம், திருவாசியுடன் 12 அங்குலம், சுவாமி மட்டும் 8½ அங்குலம்" என்று இரண்டையும் கொடுங்கள். வீட்டில் இவ்வளவு உயரத்துக்கு மேல் விக்கிரகம் வைப்பதில்லை என்ற வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. அந்த அளவு வீட்டுக்கு வீடு மாறும். எது சரி என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அளவைச் சரியாகக் கொடுத்தால் அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

அங்குலத்தோடு செ.மீ.யும் போடுங்கள். அட்டைப்பெட்டியின் அளவைத் தயவுசெய்து பொருளின் அளவாகப் போடாதீர்கள். மொத்த வியாபாரிகள் அனுப்பும் பட்டியலில் பல நேரம் பெட்டி அளவுதான் இருக்கும். அதை அப்படியே நகல் எடுத்துப் போடுவதால் வரும் சண்டைகள் ஏராளம்.

பித்தளை, வெண்கலம், பஞ்சலோகம், ஜெர்மன் சில்வர் எல்லாம் மாத்தி மாத்தி எழுதுறாங்க. எதுக்கு எது?

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது, வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. பழுப்பாகவோ கருமையாகவோ சாயம் ஏற்றிய பித்தளையை "வெண்கலச் சிலை" என்று போடுவது இன்று சர்வசாதாரணமாகிவிட்டது. நிறத்தை வைத்து உலோகத்தைச் சொல்லாதீர்கள். "பித்தளை, பழமைத் தோற்ற நிறம்" என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

பஞ்சலோகம் என்றால் செம்பு, துத்தநாகம், ஈயம் போன்றவற்றோடு வெள்ளியும் தங்கமும் சேர வேண்டும் என்பது மரபு. தங்கமும் வெள்ளியும் மிகச் சிறிய அளவில்தான் சேர்ப்பார்கள். செய்த ஸ்தபதியோ பட்டறையோ ரசீதில் பஞ்சலோகம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அந்தச் சொல்லைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் வேண்டாம். வாங்குபவர் அதைப் பூஜைக்கு வைக்கப்போகிறார், அந்தச் சொல்லை நம்பித்தான் பணம் கொடுக்கிறார்.

ஜெர்மன் சில்வரில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். பரிசுப் பொருள் சந்தையில் அந்தப் பெயரில் வருவது சில நேரம் அதுகூட இல்லை, வேறு உலோகத்தின் மேல் வெள்ளை முலாம் பூசியதாக இருக்கும். "ஜெர்மன் சில்வர் பூஜைத் தட்டு" என்று தலைப்புப் போட்டால் அடுத்த வரியிலேயே "வெள்ளி கலக்காதது" என்று எழுதுங்கள். நிஜ வெள்ளி என்றால் 925 போன்ற தர எண், ஹால்மார்க் உண்டா இல்லையா, எத்தனை கிராம் ஆகியவை கட்டாயம் வேண்டும். வெள்ளிச் சிலைகள் சிலவற்றில் உள்ளே அரக்கு நிரப்பியிருப்பார்கள். அப்போது மொத்த எடையையும் வெள்ளியின் எடையையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

சந்தேகம் வந்தால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். ஆனால் ஒட்டவில்லை என்பதால் மட்டும் பித்தளை என்று முடிவுகட்ட முடியாது. அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாதே. அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் மேலே இருப்பது பூச்சு.

"நாச்சியார்கோயில் விளக்கு", "சுவாமிமலை சிலை"ன்னு போட்டா நல்லா போகுது. போடலாமா?

அங்கே செய்ததாக இருந்தால் தாராளமாகப் போடுங்கள், பெருமையாகவே போடுங்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த இரண்டு ஊர் வேலைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. அதாவது அந்தப் பெயர் வெறும் அலங்காரச் சொல் இல்லை, சட்டப் பாதுகாப்பு உள்ள பெயர். உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்திலிருந்தோ அலிகாரிலிருந்தோ வந்த பித்தளைப் பொருளுக்கு அதைப் போடக் கூடாது. அந்த ஊர்களும் பித்தளை வேலைக்குப் பேர்போனவைதான், அவற்றின் பெயரையே போட்டால் என்ன குறைந்துவிடும்?

ஊர்ப் பெயரோடு வேலை முறையையும் எழுதினால் இன்னும் நல்லது. ஆனால் மாற்றி எழுதிவிடாதீர்கள். நாச்சியார்கோயில் விளக்கு காவிரிக் கரை வண்டல் மண்ணில் அச்சு எடுத்து வார்த்து, பிறகு கடைந்து எடுப்பது. சுவாமிமலைச் சிலை மெழுகில் உரு செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி வார்ப்பது. "மெழுகு வார்ப்பில் செய்த நாச்சியார்கோயில் விளக்கு" என்ற வரியைப் பார்த்தால் விஷயம் தெரிந்தவர் பக்கத்தை மூடிவிடுவார்.

பாலிஷ், ஆன்டிக், லாக்கர்... ஃபினிஷ் பத்தி எவ்வளவு எழுதணும்?

வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வீட்டில் இதை எப்படித் துலக்குவது? அதற்குப் பதில் கிடைக்கும் அளவு எழுதினால் போதும்.

நிறம் மங்காமல் இருக்க மேலே லாக்கர் பூசிய விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பூச்சு திட்டுத்திட்டாக உரியும், உரிந்த இடம் ஒரு நிறம், உரியாத இடம் ஒரு நிறம் என்று ஆகிவிடும். தினமும் ஏற்றினால் சுடர் படும் இடத்தில் பூச்சு கருகும். அலங்காரத்துக்கு வைத்தால் அதே விளக்கு நெடுநாள் பளபளப்பாக இருக்கும். "லாக்கர் பூச்சு உண்டு. ஈரத் துணியால் துடைத்தால் போதும், புளி, எலுமிச்சை, பொடி வேண்டாம். தினமும் ஏற்றும் விளக்குக்கு இது ஏற்றதல்ல" என்று வெளிப்படையாக எழுதுங்கள். இதைப் படித்து விட்டு நாலு பேர் வாங்காமல் போகலாம். அவர்கள் வாங்கியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

ஆன்டிக் நிறமும் அப்படித்தான். தேய்த்தால் பள்ளத்தில் இருக்கும் கருமை போய்விடும், வேலைப்பாடே மங்கிப்போனதுபோல் தெரியும்.

கைவேலையில் இருக்கும் அரத்தின் கோடு, சிறு புள்ளி, இரண்டு விளக்குகளுக்கு இடையே உள்ள நூலளவு வித்தியாசம் இவற்றைப் படத்தோடு சேர்த்துக் காட்டிவிடுங்கள். ஆனால் எண்ணெய் கசியும் ஓட்டையைக் "கைவேலையின் இயல்பு" என்று சொல்லிச் சமாளிக்கக் கூடாது. தட்டில் தண்ணீர் ஊற்றி ஒரு இரவு காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

சாமி சிலையை "1 பீஸ்", "ஷோபீஸ்"னு எழுதலாமா? மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு.

அந்த உறுத்தல் சரியானதுதான். "எண்ணிக்கை: 1" என்று எழுதிவிட்டால் பீஸ் தேவைப்படாது. ஷோபீஸ் என்பதற்குப் பதில் "வரவேற்பறையில் வைக்கலாம்" என்று பயன்பாட்டைச் சொல்லுங்கள். வடிவத்தையும் மரியாதையாகவே சொல்லலாம்: "அமர்ந்த திருக்கோலத்தில் மகாலட்சுமி, நான்கு கரங்கள், மேல் இரு கரங்களில் தாமரை". கொலு பொம்மைக்கு இந்தத் தயக்கம் வேண்டாம். கொலுவில் முருகனும் பொம்மைதான், செட்டியாரும் பொம்மைதான், அதை எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் பூஜைக்கு வாங்கும் விக்கிரகத்தைப் பொம்மை என்று எழுதினால் வருத்தப்படுபவர்கள் உண்டு.

எழுத்தில் காட்டும் மரியாதை படத்திலும் இருக்க வேண்டும். விலைச் சீட்டை அடிப்பக்கம் ஒட்டுங்கள், முகத்திலோ மார்பிலோ வேண்டாம். சிலையைத் தலையைப் பிடித்துத் தூக்கிக் காட்டாதீர்கள். தரையில் செருப்பு தெரியும் மூலையில் படம் எடுக்காதீர்கள், ஒரு பலகையோ துணியோ விரித்து வையுங்கள். அளவு தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் ஸ்கேலோ அகல்விளக்கோ வைக்கலாம். அட்டைப்பெட்டியின் மேல் சாமி படம் அச்சடிக்க வேண்டாம் என்றும் சொல்வேன், கிழித்துக் குப்பையில் போடப்போகும் பெட்டி அது.

பெருமாள் படத்துக்கு ஒருத்தர் "நாமம் தப்பா இருக்கு"ன்னு திட்டிட்டுத் திருப்பி அனுப்பிட்டார். இதையெல்லாம் எழுதணுமா?

கட்டாயம் எழுத வேண்டும். தென்கலை நாமத்துக்குக் கீழே மூக்குவரை இறங்கும் பாதம் இருக்கும், வடகலை நாமம் அந்தப் பாதம் இல்லாமல் வளைவாக முடியும். ஒரு குடும்பத்தில் எது வழக்கமோ அதைத்தான் பூஜையில் வைப்பார்கள். பெருமாள் படம் மட்டுமல்ல, உச்சியில் நாமமோ சங்கு சக்கரமோ வைத்த விளக்கு, நாமம் பொறித்த செம்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். எது என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் நாமம் தெளிவாகத் தெரியும் கிட்டப் படம் ஒன்று போட்டுவிடுங்கள், பார்ப்பவருக்குத் தெரியும்.

பிள்ளையாருக்குத் தும்பிக்கை. "இடப்பக்கம்" என்று மட்டும் எழுதினால் பார்ப்பவரின் இடமா, பிள்ளையாரின் இடமா என்று கேள்வி வரும். "தும்பிக்கை பிள்ளையாரின் இடக்கரம் பக்கம் திரும்பியது" என்று எழுதினால் தீர்ந்தது. இன்னொன்று, மென்பொருளில் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். தும்பிக்கையும் மாறிவிடும், வேலும் கை மாறிவிடும்.

கொலு செட்ல எத்தனை பொம்மைன்னு போட்டாலும் சண்டை வருது. எப்படி எழுதுறது?

எண்ணோடு பெயர்களையும் எழுதுங்கள். தசாவதாரம் என்றால் பத்து என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் எந்தப் பத்து? நம் ஊர் செட்டில் பலராமர் இருப்பார், வட இந்திய அச்சில் வந்த செட்டில் அவர் இடத்தில் புத்தர் இருக்கலாம். பத்துப் பெயரையும் வரிசையாகப் போட்டால் பிரச்சினை இல்லை. கல்யாண செட்டில் மேளக்காரர் தனிப் பொம்மையா, ஒரே பீடத்தில் ஒட்டியவரா என்பதையும் சொல்லுங்கள். ஒரே பீடத்தில் மூன்று உருவம் இருந்தால் அது ஒரு பொம்மைதான்.

மண் பொம்மை கனமாக இருக்கும், தட்டினால் விளிம்பு உடையும். காகிதக்கூழ் பொம்மை லேசானது, கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைக்கும், ஆனால் ஈரம் ஆகாது. எது என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். உயரத்தோடு பீடத்தின் ஆழமும் வேண்டும். கொலுப்படியின் அகலத்தைவிடப் பீடம் பெரியதாக இருந்தால் பொம்மை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும்.

மரப்பாச்சிக்கு மரத்தின் பெயர் முக்கியம். செம்மரத்தில் செய்வதுதான் பழைய வழக்கம், இப்போது வேறு மரத்தில் செய்து சிவப்புச் சாயம் ஏற்றியதும் நிறைய வருகிறது. குழந்தை வாயில் வைக்கும் என்று நினைத்து வாங்குபவர்களும் உண்டு. அதனால் சாயம் உண்டா இல்லையா என்று எழுதியே ஆக வேண்டும். ஜோடியா, ஒன்றா, துணி உடுத்தியதா என்பதும்.

தோரணம், பின்திரை, சீரியல் லைட் மாதிரி அலங்காரப் பொருளுக்கு?

இங்கே தகராறு வருவது "படத்தில் இருந்தது வரவில்லை" என்பதில்தான். பின்திரை விற்றால் துணியின் அகலமும் உயரமும் அடியில், துணி வகை, மேலே கம்பி நுழைக்கும் மடிப்பு உண்டா, ஸ்டாண்ட் சேருமா என்று எழுதுங்கள். செயற்கைச் சாமந்திச் சரம் என்றால் ஒரு சரத்தின் நீளம் எவ்வளவு, ஒரு செட்டில் எத்தனை சரம். வாசல் தோரணத்துக்கு அகலம், தொங்கும் நீளம் இரண்டும். லைட்டுக்குப் பல்பு வரும் பகுதியின் நீளம் வேறு, பிளக்கிலிருந்து முதல் பல்பு வரை உள்ள ஒயரின் நீளம் வேறு. வெளியில் மழை படும் இடத்துக்கு ஆகாது என்றால் அதைச் சொல்லிவிடுங்கள்.

பாக்கெட்டில் வரும் பொருளுக்குத் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், எந்த நாட்டில் தயாரித்தது, அளவு, அதிகபட்ச விலை இவை ஆன்லைன் பக்கத்திலும் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டம். பிளாஸ்டிக் தோரணத்திலும் லைட்டிலும் நாட்டின் பெயரைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சதுர்த்திப் பிள்ளையாருக்கு "களிமண்" என்று மட்டும் எழுதாமல் சுட்டதா சுடாததா, வண்ணம் என்ன வகை என்று சேர்த்து எழுதுங்கள். சுட்ட மண் தண்ணீரில் கரையாது. வீட்டு வாளியில் கரைக்க நினைத்து வாங்குபவருக்கு இது பெரிய வித்தியாசம். குடை சேருமா என்பதையும் மறக்க வேண்டாம்.

"வீட்டில் வைத்தால் செல்வம் பெருகும்"னு போடலாமா? எல்லாரும் போடுறாங்களே.

வேண்டாம். "வெள்ளிக்கிழமை பூஜையில் வைப்பது வழக்கம்", "கார்த்திகை தீபத்துக்கு வாசலில் ஏற்றுவார்கள்" என்று வழக்கத்தைச் சொல்லுங்கள். அது உண்மை. பலனை உறுதி கொடுக்க நம்மால் முடியாது. கஷ்டத்தில் இருப்பவர்தான் அந்த வரியை நம்பிக் கடன் வாங்கிக்கூட வாங்குகிறார். "பூஜை செய்து அனுப்பப்படும்" என்று எழுதினால் எங்கே, யார், என்ன செய்கிறார்கள் என்று எழுத முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

வழியில உடைஞ்சு போனா என்ன செய்யணும்னு பக்கத்துல எப்படிப் போடுறது?

மற்றப் பொருள்போல "டேமேஜ் ஐட்டத்தைத் திருப்பி அனுப்பவும்" என்று போட்டால் பலருக்குச் சங்கடம். பின்னப்பட்ட விக்கிரகத்தைப் பூஜையில் வைப்பதில்லை, குப்பையிலும் போடமாட்டார்கள். வீட்டில் வைத்துக்கொண்டே என்ன செய்வது என்று தவிப்பார்கள். இப்படி எழுதலாம்: "பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வையுங்கள். சிலையில் பின்னம் இருந்தால் 2 நாட்களுக்குள் படம் அனுப்புங்கள், வேறு சிலை அனுப்புகிறோம். பின்னமான மண் சிலையைத் திருப்பி அனுப்ப வேண்டாம், உங்கள் வீட்டு வழக்கப்படி நீரில் சேர்த்துவிடலாம். உலோகச் சிலையை எங்கள் செலவில் நாங்களே எடுத்துக்கொண்டு மறுவார்ப்புக்குக் கொடுப்போம்." கடைசி வரியை எழுதுவதற்கு முன் உங்களுக்குச் சிலை தரும் பட்டறையில் பேசி, அவர்கள் திரும்ப வாங்கி உருக்கிக்கொள்வார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.